முதல் பக்கத்து விலையை வைத்து முடிவு செய்யலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயில் சங்கத்துக்கு நான் செயலாளர். மண்டபத்துக்கும் சமையல்கட்டுக்கும் 60 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் வாங்க டெண்டர் கேட்டோம். அக்டோபர் 17 மதியம் பெட்டியை மூடினோம். மூன்று பேர் போட்டிருக்கிறார்கள். 'அ' 412,000 ரேண்ட், 6 வாரம், 24 மாத வாரண்டி. 'ஆ' 468,500 ரேண்ட், 9 வாரம், 36 மாத வாரண்டி. ஆனால் தொழிலாளர் இழப்பீட்டு நிதிக்குப் பாக்கி இல்லை என்று காட்டும் லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங் வைக்கவில்லை. 'இ' 438,000 ரேண்ட், ஸ்டாக்கில் இருக்கிறது என்கிறார், வாரண்டி 12 மாதம். இப்போது போனில், 24 ஆக்கித் தருகிறேன் என்கிறார். நாங்கள் கேட்டது குறைந்தது 24 மாதம். பிப்ரவரி 1 காவடி என்பதால் ஜனவரி 30க்குள் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தோம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் ஓடும். சட்டப்படி விலைக்கு 80, மற்றவற்றுக்கு 20 என்ற 80/20 மதிப்பெண் போட வேண்டும், 'அ'வுக்குத்தான் வரும், 'ஆ'வைத் தள்ளிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. 'அ' எங்கள் பொருளாளரின் மைத்துனர் கடை. என்ன செய்யலாம்? எல்லா நகலும் இணைத்திருக்கிறேன்.

— செயலாளர், சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

நகல்களை முழுக்கப் படித்தேன். பெட்டியைத் திறந்தபோது நீங்கள் உரக்க வாசித்த மூன்று தொகைகளும் மூன்று வேறு பொருள்களின் விலைகள். ஒன்றில் வரி இல்லை, ஒன்றில் பாதி வேலை இல்லை, ஒன்றில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே மதிப்பெண், வாரண்டி எதையும் தொடுவதற்கு முன்னால் மூன்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் மண்டபத்துச் சுவருக்குப் பக்கத்தில், அடித்தளத்தின் மேல், கேபிள் இழுத்து, மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர் ஒன்று, வாட் வரியோடு, சங்கத்தின் கையிலிருந்து எவ்வளவு எடுக்கும்? அந்த ஒரு கேள்விக்கு மூன்று பேரிடமிருந்தும் பதில் வாங்குவதுதான் ஒப்பீடு.

விலை: வரிசை தலைகீழாகிறது

'அ'வின் விலைப் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீங்கள் அச்சிட்டுக் கொடுத்த 'வாட் உட்பட' என்ற சொற்களைப் பேனாவால் ஒரு கோடு அடித்து, ஓரத்தில் பொடி எழுத்தில் 'வாட் தனி' என்று எழுதி இனிஷியல் போட்டிருக்கிறார். 15 சதவீதம் சேர்த்தால் 473,800 ரேண்ட். உங்கள் சங்கம் வாட் பதிவு செய்ததல்ல. ஆகவே கட்டும் வரியைத் திரும்பக் கோர வழியில்லை, அது முழுக்கச் செலவுதான். ஓரத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் கதை வேறு. வாட் பதிவுள்ள வணிகர் சொல்லும் விலையில் வரி அடங்கியிருக்கிறது என்றே தென்னாப்பிரிக்க வாட் சட்டம் கொள்கிறது. அப்படி இருந்திருந்தால் 412,000க்கே அவரைக் கட்டிப்போட்டிருக்கலாம். அந்தச் சின்ன எழுத்து அந்த வழியை அடைத்துவிட்டது.

'இ'யின் பட்டியலில் வாட் உண்டு. ஆனால் கான்கிரீட் அடித்தளம், 35 மீட்டர் கேபிள், இரண்டுக்கும் எதிரே தொகை இல்லை. 'வாடிக்கையாளர் பொறுப்பு' என்றிருக்கிறது. இந்த மாதிரி ஓட்டையை ஊகித்து அடைக்கக் கூடாது. மற்ற இருவர் அதே வரிக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதில் கூடுதலான தொகையைச் சேர்க்க வேண்டும். 'அ' வாட்டோடு 41,400, 'ஆ' 42,000. எனவே 'இ'யின் விலை 480,000. சராசரி போடுவோரும் உண்டு. எனக்குக் கூடுதல் தொகைதான் சரி என்று படுகிறது. வேலையை விட்டுவிட்டு விலையைக் குறைத்துக் காட்டியவருக்கு அதனால் லாபம் வரக் கூடாது அல்லவா.

'ஆ'வின் 468,500இல் சேர்க்க ஒன்றுமில்லை. அடித்தளம், கேபிள், தானியங்கி மாற்று ஸ்விட்ச், ஓட்டிக் காட்டுவது, பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் தரவேண்டிய இணக்கச் சான்று, எல்லாமே உள்ளே இருக்கின்றன. ஆக, வாசித்தபோது கடைசியில் இருந்தவர் இப்போது முதலில்: 'ஆ' 468,500, 'அ' 473,800, 'இ' 480,000.

இன்னொன்றையும் ஒருமுறை சரிபாருங்கள். 60 கே.வி.ஏ. என்று மூவரும் எழுதியிருப்பது ஸ்டாண்ட்பை அளவா, பிரைம் அளவா? ஸ்டாண்ட்பை என்பது மின்சாரம் போன நேரத்துக்கு மட்டும். பிரைம் என்பது நாள்தோறும் மணிக்கணக்கில் ஓட்டுவதற்கு. அதே எஞ்சினுக்குப் பிரைம் அளவு சுமார் பத்து சதவீதம் குறைவாக இருக்கும். உங்கள் மூவரின் தரவுத்தாளிலும் ஸ்டாண்ட்பை 60 என்றே இருப்பதால் இங்கே சிக்கல் இல்லை. ஒருவர் பிரைமில் கொடுத்திருந்தால் அவர் விலை கூடுதலாக இருப்பது நியாயமாகவே இருந்திருக்கும்.

6 வாரமும் 9 வாரமும்

வாரத்தை எண்ணாதீர்கள், காலண்டரில் தேதி போடுங்கள். எந்த நாளில் கணக்கு தொடங்குகிறது, எந்த வேலையோடு முடிகிறது, நடுவில் எத்தனை நாள் கடை மூடியிருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது காலக்கெடு.

'அ'வின் 6 வாரம் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து அல்ல, டெபாசிட் அவர் கணக்கில் ஏறிய நாளிலிருந்து. முடிவதும் ஓட்டிக் காட்டுவதில் அல்ல, வண்டியிலிருந்து இறக்குவதில். நிறுவுவதற்கு அதன் பிறகு 10 வேலை நாள் கேட்டிருக்கிறார். 'ஆ'வின் 9 வாரம் ஆர்டர் தேதியிலிருந்து, ஓட்டிக் காட்டும் வரை. டிசம்பர் விடுமுறை கணக்கில் வராது என்று இருவருமே எழுதியிருக்கிறார்கள். டிசம்பர் 12 மாலை மூடி ஜனவரி 5 திறக்கிறோம் என்பதும் இரண்டு பேரின் தாளிலும் உள்ளது.

அக்டோபர் 31 கமிட்டி கூடி ஆர்டர் கொடுப்பதாக வையுங்கள். இரண்டு கையெழுத்து வாங்கி 'அ'வின் டெபாசிட் பணம் போய்ச் சேர நவம்பர் 7 ஆகிவிடும். அங்கிருந்து டிசம்பர் 12க்குள் 5 வாரம். மீதி ஒரு வாரம் ஜனவரி 5 தொடங்கி 12இல் முடியும். பிறகு 10 வேலை நாள், ஜனவரி 26. 'ஆ'வுக்கு அக்டோபர் 31இலிருந்து டிசம்பர் 12 வரை 6 வாரம், ஜனவரி 5இலிருந்து மீதி 3 வாரம், அதே ஜனவரி 26. மூன்று வார வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. இருவருமே உங்கள் 30ஆம் தேதிக்குள் வருகிறார்கள். டெண்டரில் தேதிக்கு மதிப்பெண் இல்லை என்பதால் அதோடு விஷயம் முடிந்தது. ஆனால் இருவரிடமும் உங்களுக்கு நாலே நாள்தான் மிச்சம். கமிட்டிக் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனால் காவடி அன்று வாடகை ஜெனரேட்டர்தான்.

'இ'யின் 'ஸ்டாக்கில் இருக்கிறது' என்ற வாக்குறுதிக்குப் பக்கத்திலேயே 'அதற்குள் விற்றுப்போகாவிட்டால்' என்றும் இருக்கிறது. அதற்குத் தேதி மதிப்பு எதுவும் இல்லை.

டெபாசிட் என்றதும் ஒன்று. நீங்கள் 30 சதவீதம் என்று எழுதியிருக்க, 'அ' தன் பின்பக்க நிபந்தனையில் 60 கேட்கிறார். அது 284,280 ரேண்ட். ஜெனரேட்டர் வருவதற்குள் அந்தக் கடை நொடித்துப்போனால், பிணை எதுவும் இல்லாத கடன்காரர்களின் வரிசையில் சங்கமும் போய் நிற்க வேண்டியிருக்கும். அவருக்கே ஆர்டர் போகும் நிலை வந்தாலும் 30க்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வாரண்டி: மாதமா, மணியா?

'அ'வின் தாளில் '24 மாதம் அல்லது 1,000 மணி, எது முந்துகிறதோ அது' என்றிருக்கிறது. நீங்கள் சொல்லும் ஓட்டத்தில் வாரத்துக்கு 12 மணி. 1,000 மணி 83 வாரத்தில் தீர்ந்துவிடும். அதாவது 19 மாதம். அதோடு, அவருடைய கணக்கு கிடங்கிலிருந்து வண்டி கிளம்பிய நாளில் தொடங்குகிறது, ஓட்டிக் காட்டிய நாளில் அல்ல. 'ஆ' 36 மாதம் அல்லது 2,000 மணி என்கிறார், ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து. 36 மாதத்தில் உங்கள் ஓட்டம் 1,900 மணிக்குள்தான் வரும். ஆகவே அவரிடம் 36 என்பது உண்மையிலேயே 36.

இதை வைத்து 'அ' தகுதி இழந்துவிட்டார் என்று சொல்ல முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். நீங்கள் 24 மாதம் என்று மட்டும்தான் கேட்டீர்கள், மணிக் கணக்கைப் பற்றி ஆவணம் மௌனம். டீசல் ஜெனரேட்டருக்கு மணி வரம்பு வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். அடுத்த முறை 'குறைந்தது 24 மாதமும் 1,500 மணியும், ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து' என்று எழுதுங்கள். அதே காரணத்தால் 'ஆ'வின் 36 மாதத்துக்கும் இப்போது கூடுதல் மதிப்புப் போட முடியாது. தகுதி பெற்றவர்களில் மதிப்பிட்ட விலை குறைந்தவருக்கு என்றுதான் உங்கள் ஆவணம் சொல்கிறது. அறிவிக்காத அளவுகோலைப் பெட்டி திறந்த பிறகு கொண்டுவந்தால், தோற்றவர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

'இ'யின் போன் பேச்சை ஏற்கவே கூடாது. அவர் கொடுத்தது 12 மாதம், நீங்கள் கேட்டது குறைந்தது 24. மற்றவர்கள் விலையை உரக்க வாசித்த பிறகு ஒருவர் தன் சலுகையை மாற்றுவது, பரீட்சை முடிந்ததும் விடைத்தாளைத் திருப்பி வாங்குவது மாதிரி. 'வாரண்டி நிபந்தனை நிறைவேறவில்லை' என்று ஒரு வரி எழுதி அவர் கோப்பை மூடுங்கள். அந்தப் போன் அழைப்பையும் தேதியோடு குறித்துவையுங்கள்.

வாரண்டி குறைவாக இருந்தாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தச் சட்டம் தரும் உத்தரவாதம் 6 மாதம்தான். அதுவும் சொத்து மதிப்போ ஆண்டு வரவோ 20 லட்சம் ரேண்டை எட்டிய அமைப்புகளுக்கு இல்லை. சொந்த மண்டபம் இருக்கும் உங்கள் சங்கம் அந்த வரம்புக்கு வெளியே நிற்கும்.

விட்டுப்போன சான்று

'ஆ'வைத் தள்ளிவிடலாம் என்பதில்தான் கமிட்டி அவசரப்படுகிறது. தகுதி வேறு, தகுதிக்கான தாள் வேறு. அக்டோபர் 17 மதியம் அவர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி பதிவில், பாக்கி இல்லாமல் இருந்தாரா என்பது தகுதி. அந்தத் தாளை உறையில் வைக்க மறந்தாரா என்பது வேறு கேள்வி. முன்னதை மூடிய பிறகு சரிசெய்ய முடியாது. பின்னதைச் சரிசெய்யலாம், உங்கள் ஆவணம் இடம் கொடுத்தால்.

கொடுக்கிறது. தகுதிச் சான்று பற்றிய பத்தியில் நீங்கள் எழுதியிருப்பது 'வில் பி ரிஜெக்டெட்' அல்ல, 'மே பி ரிஜெக்டெட்'. 'வில்' என்றிருந்தால் உங்கள் கை கட்டுப்பட்டிருக்கும், அனுதாபத்துக்கு இடமில்லை. 'மே' என்பதால் விளக்கம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இந்தச் சான்று வெறும் சம்பிரதாயம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்தக்காரர் இழப்பீட்டு நிதிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் இருந்தால், வேலை கொடுத்தவரிடமே அந்தத் தொகையைக் கேட்க அச்சட்டத்தின் 89ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஜெனரேட்டரை இறக்கும்போது யாருக்காவது கால் நசுங்கினால் இந்தத் தாளின் மதிப்பு தெரியும்.

தாள் வந்ததும் தேதியைப் பாருங்கள். அக்டோபர் 20 பதிவாகி 21 வெளியான சான்று உதவாது. 17ஆம் தேதியை உள்ளடக்கிய காலம் அதில் இருக்க வேண்டும். இழப்பீட்டு நிதியின் இணையதளத்தில் சான்று எண்ணை இட்டுச் சரிபாருங்கள். தாளின் தலைப்பில் இழப்பீட்டு நிதியின் பெயர் இல்லாமல் ராண்ட் மியூச்சுவல் அஷ்யூரன்ஸ் என்றிருந்தால் போலி என்று பதற வேண்டாம். உலோகத் தொழில் நிறுவனங்களுக்கு அதுவும், கட்டுமானத் தொழிலுக்கு ஃபெடரேட்டட் எம்ப்ளாயர்ஸ் மியூச்சுவலும் அதே சட்டத்தின் கீழ் சான்று தருகின்றன. வரிச் சான்றுக்கு மூவரும் கொடுத்திருக்கும் பின் எண்ணை, வருவாய்த் துறையான சார்ஸின் ஈ-ஃபைலிங்கில் அடித்துப் பார்த்துவிடுங்கள். அச்சிட்ட தாளை நம்பாதீர்கள்.

'ஆ'வுக்கு இப்படி எழுதினால் போதும்: "எங்கள் டெண்டர் தொடர்பாக, 17 அக்டோபர் மதியம் 12 மணிக்கு நடப்பில் இருந்த உங்கள் லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங் நகலை மூன்று வேலை நாளுக்குள் அனுப்பவும். விலை, கால அளவு, வாரண்டி எதிலும் மாற்றம் ஏற்கப்படாது." அதே நாளில், அதே கெடுவோடு 'அ'வுக்கும் ஒன்று எழுதுங்கள்: 412,000இல் வாட் சேரவில்லை என்பதை உறுதிசெய்யவும், 60 சதவீத டெபாசிட் நிபந்தனையைக் கைவிடுகிறாரா என்று சொல்லவும். ஒருவருக்கு மட்டும் வாய்ப்புக் கொடுத்ததாகப் பேச்சு வரக் கூடாது. இரண்டும் மின்னஞ்சலில், போனில் அல்ல.

80/20 உங்களுக்குக் கட்டாயமா?

இல்லை. முன்னுரிமைக் கொள்முதல் சட்டம் அரசு அமைப்புகளைக் கட்டுப்படுத்துவது. கோயில் சங்கம் தனியார் அமைப்பு. உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்களே எழுதிய டெண்டர் ஆவணமும் சங்க விதிகளும்தான். பணத்தில் ஒரு பகுதி அரசு மானியமாகவோ லாட்டரி நிதியாகவோ வந்திருந்தால் மட்டும் மானிய ஒப்பந்தத்தில் கொள்முதல் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஆவணத்தில் 80/20 என்ற பேச்சே இல்லை என்பதால் இப்போது அதை நுழைக்கவும் கூடாது.

ஆனாலும் கமிட்டிக்குக் காட்ட அந்தக் கணக்கு ஒரு நல்ல பாடம். குறைந்த விலைக்காரருக்கு 80. மற்றவருக்கு, குறைந்த விலையை விட எத்தனை பங்கு கூடுதலோ அத்தனை பங்கு 80இலிருந்து கழியும். வாசித்த விலைகளை வைத்தால் 'அ'வுக்கு 80, 'ஆ'வுக்கு 69. சமப்படுத்திய விலைகளை வைத்தால் 'ஆ'வுக்கு 80, 'அ'வுக்கு 79. பேனாவால் அடித்த இரண்டு சொற்கள் பன்னிரண்டு மதிப்பெண்ணை இடம் மாற்றிவிட்டன. மிச்சம் இருக்கும் 20 வாரண்டிக்கும் வேகத்துக்கும் என்று உங்கள் கமிட்டியில் யாரோ சொன்னதாகக் குறிப்பில் பார்த்தேன். அதுவும் தவறு. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த விதிகளில் அந்த 20, முன்னரே அறிவித்த சமூக இலக்குகளுக்கு உரியது. வாரண்டியும் நாளும் அங்கே குறைந்தபட்ச நிபந்தனையாகத்தான் வரும்.

பொருளாளர் விஷயம்

மைத்துனர் டெண்டர் போட்டது குற்றமில்லை. பொருளாளர் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். உறவை எழுத்தில் தெரிவித்துவிட்டு, இந்தப் பொருள் வரும்போது வெளியே போகட்டும். போன நேரமும் திரும்பிய நேரமும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். வாக்களிக்காமல் உள்ளேயே இருந்தேன் என்பது போதாது. காசோலையிலோ வங்கி ஒப்புதலிலோ இரண்டு கையெழுத்தில் ஒன்று அவருடையது என்றால், இந்தக் கொடுப்பனவுக்கு மட்டும் வேறொருவரைக் கமிட்டித் தீர்மானத்தால் நியமியுங்கள். அதை 31ஆம் தேதிக் கூட்டத்திலேயே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பணம் போகும் நாள் தள்ளும்.

என் கருத்து: 'ஆ'வின் சான்று 17ஆம் தேதிக்குச் செல்லுமானால் ஆர்டர் அவருக்கு. செல்லாது என்றால், 30 சதவீத டெபாசிட்டுக்கு ஒத்துக்கொண்ட 'அ'வுக்கு, 473,800 ரேண்டுக்கு. எவராக இருந்தாலும் கடைசிப் பத்து சதவீதத்தை ஓட்டிக் காட்டி இணக்கச் சான்றும் கையில் வந்த பிறகே கொடுங்கள். ஆர்டர் தாளில் 'எங்கள் டெண்டர் நிபந்தனைகளின்படி' என்று எழுத மறக்காதீர்கள். 'உங்கள் கொட்டேஷன்படி' என்று எழுதினால் அவர்களுடைய பின்பக்க நிபந்தனைகள் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

நீங்கள் கேட்ட 90 நாள் செல்லுபடிக் காலம் ஜனவரி 15 வரை ஓடுகிறது. ஆகவே 'ஆ' ஆர்டரை ஏற்றுக் கையெழுத்திட்டு அனுப்பும் வரை 'அ'வுக்கு வருத்தக் கடிதம் அனுப்ப வேண்டாம்.